ஆகாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது யார்?

[திரையில்: சுங்கை சிப்புட் அருகே ஒரு செம்பனைத் தோட்டம், பழைய லயங்கள்]

இந்தத் தோட்டம் ரப்பர் தோட்டமாக இருந்த காலத்தில் என் பாட்டி இங்கே பால் வெட்டினார். ஒரு நாள் வீட்டு ஜெபக்கூட்டத்தில் ஆதியாகமம் 16-ஆம் அதிகாரம் வாசித்தார்கள். பிள்ளையில்லாத சாராய் தன் அடிமைப்பெண் ஆகாரைக் கணவன் ஆபிராமுக்குக் கொடுக்கிறாள்; கர்ப்பமான ஆகார் சாராயின் கொடுமை தாங்காமல் வனாந்தரத்துக்கு ஓடிப்போகிறாள். பாட்டி போதகரைக் கேட்டார்: "அந்தப் புள்ளைய வீட்ல யாருமே பேர் சொல்லிக் கூப்பிடலையே, ஐயா?"

பெண்ணிய வாசிப்பு இப்படித்தான் தொடங்குகிறது. யார் பேசுகிறார்கள், யாருடைய உடலைப் பற்றி யார் முடிவெடுக்கிறார்கள் என்று அது பார்க்கும். பின்காலனிய வாசிப்பு, அவர்கள் எந்த தேசத்தார், யார் கையில் அதிகாரம் என்று கூடவே கேட்கும். சரி, வசனத்துக்குப் போவோம்.

[திரையில்: ஆதியாகமம் 16:2–8]

சாராய் "என் அடிமைப்பெண்" என்கிறாள். ஆபிராம் "உன் அடிமைப்பெண்" என்கிறான். ஆகார் என்ற பெயர் கதை சொல்கிறவர் வாயில் மட்டும் வருகிறது. எட்டாம் வசனத்தில், வனாந்தரத்து நீரூற்றருகே தூதன்தான் முதலில் பெயர் சொல்லி அழைக்கிறான். அவனும் "சாராயின் அடிமைப்பெண்ணாகிய" என்று சேர்த்தே சொல்கிறான். ஆனால் கேள்வியும் கேட்கிறான். அதற்குப் பதிலாகத்தான் ஆகார் முதன்முதலாக வாய் திறக்கிறாள்.

அடுத்தது, தமிழில் மட்டும் படித்தால் தவறிப்போகும் ஒரு விஷயம். ஆறாம் வசனத்தில் சாராய் அவளைக் "கடினமாய் நடத்தினாள்". எபிரெயத்தில் இந்த வினையின் வேர் 'ஆனா'. முந்தைய அதிகாரத்தில், ஆபிராமின் சந்ததி அந்நிய தேசத்தில் 400 வருஷம் படப்போகும் உபத்திரவத்துக்கும் இதே வேர்தான். யாத்திராகமம் 1-இல் எகிப்தியர் இஸ்ரவேலரை ஒடுக்குவதும் இதே சொல். ஆகார் எகிப்தியப் பெண். அதாவது எகிப்து பின்னால் இஸ்ரவேலுக்குச் செய்யப்போவதை, இஸ்ரவேலின் தாய் இங்கே ஒரு எகிப்தியப் பெண்ணுக்குச் செய்கிறாள். தமிழில் மூன்று இடத்திலும் மூன்று வேறு சொற்கள் இருப்பதால் இந்தத் தொடர்பு நம் காதில் விழுவதில்லை.

ஒன்பதாம் வசனம்தான் கடினம். "திரும்பிப்போய் அடங்கியிரு" என்கிறான் தூதன். அந்த 'அடங்கியிரு'வும் 'ஆனா' வேர்தான். கறுப்பின இறையியலாளர் டெலோரஸ் வில்லியம்ஸ் இதை மழுப்பவில்லை. கடவுள் இங்கே ஆகாருக்கு விடுதலை தரவில்லை, பிழைத்திருக்க வழி தருகிறார் என்று அவர் வாசித்தார். எனக்கு இந்த நேர்மை பிடிக்கும். வசனத்தை நல்லதாக்கிக் காட்டும் அவசரம் நம் பிரசங்கங்களில் அதிகம்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. இந்த வாசிப்பு எளிதாகச் சாராயைத் திட்டுவதாக முடிந்துவிடும், அதிலிருந்து யூதரைத் திட்டுவதாகவும் போய்விடும். தடுக்க ஒரு வழி உண்டு. 16-க்கு முன் 12-ஆம் அதிகாரத்தைப் படியுங்கள். அங்கே பார்வோனின் வீட்டுக்குக் கொண்டுபோகப்படுகிறவள் சாராய். அவளை முன்னிட்டு ஆபிராமுக்குக் கிடைத்தவற்றில் ஆடுமாடுகளோடு வேலைக்காரிகளும் இருக்கிறார்கள். அங்கேயும் சாராய் ஒரு வார்த்தை பேசுவதில்லை.