ரூபாய் சரிந்தது மூன்று மாதத்தில். அதன் காரணம் நான்கு ஆண்டுப் பழையது

[திரையில்: 28 ஆகஸ்ட் 2013. மும்பை அந்நியச் செலாவணிச் சந்தையின் எண் பலகை.]

அன்று ஒரு அமெரிக்க டாலரின் விலை 68 ரூபாயைத் தாண்டியது. மே மாதம் 22-ஆம் தேதி அது 55 ரூபாய்க்குச் சற்று மேலே இருந்தது. இடையில் மூன்றே மாதங்கள்தான். அந்த மே 22-ஆம் தேதி அமெரிக்க மத்திய வங்கியின் தலைவர் பென் பெர்னான்கி, தாங்கள் சந்தையில் இறக்கிவரும் பணத்தைப் படிப்படியாகக் குறைக்கலாம் என்று சொன்னார். உலகம் முழுவதும் பத்திரிகைகள் அந்தப் பேச்சையே காரணமாக எழுதின.

ஆனால் பெர்னான்கி எல்லா நாடுகளையும் நோக்கித்தான் பேசினார். அடி பலமாக விழுந்தது சில நாடுகளுக்கு மட்டும். மார்கன் ஸ்டான்லி நிறுவனம் அந்த ஆகஸ்டில் ஐந்து நாடுகளைப் பட்டியலிட்டது: இந்தியா, இந்தோனேசியா, பிரேசில், துருக்கி, தென்னாப்பிரிக்கா. ஐந்திலும் வெளிநாட்டுக் கணக்கில் துண்டு விழுந்திருந்தது. ஐந்திலும் விலைவாசி அமெரிக்காவைவிட வேகமாக ஏறிக்கொண்டிருந்தது. பேச்சு ஒரு தள்ளு மட்டுமே. சுவர் ஏன் விழும் நிலையில் இருந்தது என்பதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப் போகிறோம்.

[திரையில்: திருப்பூர். பின்னலாடை நிறுவனத்தின் தையல் கூடம்.]

2010-ஆம் ஆண்டில் இருந்து தொடங்குவோம். டாலர் 45 ரூபாய். திருப்பூரில் ஒரு நிறுவனம் ஒரு டீ-சர்ட்டை நூல், சாயம், கூலி, லாபம் எல்லாம் சேர்த்து 225 ரூபாய்க்குத் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு வணிகருக்கு அது 5 டாலர்.

2009 முதல் 2013 வரை இந்தியாவில் சில்லறை விலைகள் ஆண்டுக்குச் சராசரியாக 10 சதவீதம் அளவுக்கு ஏறின. அமெரிக்காவில் அதே காலத்தில் 2 சதவீதத்துக்கும் குறைவு. அரிசியும் பருப்பும் வீட்டு வாடகையும் ஏறும்போது தையல் தொழிலாளி பழைய கூலிக்கு வரமாட்டார், வரவும் முடியாது. 2012-இல் தமிழ்நாட்டில் மணிக்கணக்காக மின்வெட்டு; ஆலைகள் டீசல் ஜெனரேட்டரில் ஓடின. இப்படிச் செலவு ஆண்டுக்கு 10 சதவீதம் ஏறினால், மூன்று ஆண்டில் 225 ரூபாய் டீ-சர்ட் ஏறத்தாழ 300 ரூபாய் ஆகிவிடுகிறது.

[திரையில்: 300 ÷ 45 = 6.67]

டாலர் 45 ரூபாயிலேயே நின்றிருந்தால் அதன் விலை இப்போது 6 டாலர் 67 சென்ட். விலைவாசி ஆண்டுக்கு 2 சதவீதம் மட்டுமே ஏறிய ஒரு நாட்டின் போட்டியாளர் அதே டீ-சர்ட்டை 5 டாலர் 30 சென்டுக்குத் தருவார். வணிகருக்கு ரூபாயும் தெரியாது, மின்வெட்டும் தெரியாது. அவர் இரண்டு டாலர் விலைகளை மட்டுமே பார்க்கிறார்.

திருப்பூர் நிறுவனம் பழையபடி போட்டியில் நிற்க வேண்டுமானால் டாலர் எவ்வளவாக இருக்க வேண்டும்? 300-ஐ 5.30-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 56 ரூபாய் 60 காசு. இது சந்தையைப் பார்த்துச் சொன்ன எண் இல்லை. இரண்டு நாட்டு விலைவாசியை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு. 2013-ஆம் ஆண்டு முழுவதுக்குமான டாலரின் உண்மையான சராசரி விலை 58 ரூபாய் சொச்சம். இந்த நெருக்கத்தை நான் நிரூபணமாகச் சொல்லவில்லை. ஆண்டைச் சற்று மாற்றினால் எண்களும் மாறும். ஆனாலும் ரூபாய் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது என்பதை இந்த எளிய வகுத்தல் காட்டிவிடுகிறது.

[திரையில்: இரண்டு வரிசைகள். ஒன்றில் டாலரை விற்க வருபவர்கள், மற்றதில் வாங்க வருபவர்கள்.]

சரி, ஒரு டீ-சர்ட் விலை ஏறினால் நாணயத்தின் விலை எப்படி இறங்கும்? வெளிநாட்டில் ஆர்டர் கிடைத்தவர் டாலரைக் கொண்டுவந்து வங்கியில் விற்று ரூபாய் வாங்குகிறார். இறக்குமதி செய்பவர் ரூபாயைக் கொடுத்து டாலர் வாங்குகிறார். உள்நாட்டு விலைகள் வேகமாக ஏறும்போது விற்க வருபவர்களின் வரிசை குறுகுகிறது, ஏனென்றால் ஆர்டர்கள் வேறு நாட்டுக்குப் போகின்றன. வாங்க வருபவர்களின் வரிசை நீள்கிறது, ஏனென்றால் உள்ளூர்ப் பொருளைவிட வெளிநாட்டுப் பொருள் இப்போது மலிவாகத் தெரிகிறது. வரிசைகள் சமமாகும் வரை டாலரின் விலை ஏற வேண்டும். அவ்வளவுதான் அதன் இயக்கம்.

எதிர்பார்ப்பும் இதில் சேர்ந்துகொள்கிறது. டாலர் ஏறும் என்று நினைக்கும் ஏற்றுமதியாளர் தன் டாலரை விற்காமல் கணக்கிலேயே வைத்திருப்பார். இறக்குமதியாளர் அடுத்த மாதத் தேவையை இன்றே வாங்கிவிடுவார். 2012 மே மாதம் ரிசர்வ் வங்கி, ஏற்றுமதியாளர்கள் தங்கள் அந்நியச் செலாவணிக் கணக்கில் வைத்திருந்த டாலரில் பாதியை ரூபாயாக மாற்றச் சொல்லி உத்தரவே போட்டது. டாலர்கள் எந்த அளவுக்கு ஒதுங்கி நின்றன என்பதற்கு அந்த உத்தரவே சாட்சி.

[திரையில்: நகைக்கடை. தங்க நாணயங்கள்.]

இந்தியக் கதையில் இன்னொரு வழி இருக்கிறது, அதை நம் வீடுகளே அறியும். வங்கியில் ஓராண்டு வைப்பு நிதிக்கு அப்போது 9 சதவீதம் அளவுக்கு வட்டி. விலைவாசி 10 சதவீதம் ஏறுகிறது. அதாவது ஒரு லட்சம் ரூபாயைப் போட்டுவைத்து ஓராண்டு காத்திருந்த குடும்பம், வட்டியையும் சேர்த்து எடுத்தாலும் போன ஆண்டு வாங்கிய அளவு பொருளை வாங்க முடியாது. சேமிப்பவருக்கு இது தண்டனை. அந்தக் குடும்பம் பவுன் வாங்கியது. அதை ஆசை என்றோ அறியாமை என்றோ பேசியவர்கள் உண்டு. எனக்கு அது முற்றிலும் நியாயமான கணக்காகவே தெரிகிறது.

ஆனால் இந்தியாவில் தங்கம் அநேகமாக விளைவதில்லை. வாங்கும் ஒவ்வொரு பவுனுக்கும் பின்னால் டாலர் வெளியே போகிறது. 2012-13 நிதியாண்டில் தங்க இறக்குமதிக்கு மட்டும் 5,000 கோடி டாலருக்கும் மேல் போனது. அதே ஆண்டு நாட்டின் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை, அதாவது வெளிநாடுகளுக்குப் போன டாலருக்கும் அங்கிருந்து ஈட்டிய டாலருக்கும் இருந்த இடைவெளி, ஏறத்தாழ 8,800 கோடி டாலர். மொத்த உற்பத்தி மதிப்பில் 4.8 சதவீதம். அரசு தங்கத்தின் மீதான சுங்க வரியை 2012 தொடக்கத்தில் இருந்த 2 சதவீதத்திலிருந்து 2013 ஆகஸ்டுக்குள் 10 சதவீதமாக உயர்த்தியது. ஆனால் வரி காய்ச்சலைத்தான் தொட்டது; அதன் காரணம் வங்கி வட்டியையும் விலைவாசியையும் பிரித்த இடைவெளியில் இருந்தது.

[திரையில்: 2009 முதல் 2013 வரை டாலர் விலைக் கோடு. முதல் பாதி ஏறத்தாழ மட்டமாக.]

இங்கே கவனமான பார்வையாளர் ஒரு கேள்வி கேட்பார். 2009-லிருந்தே விலைவாசி ஏறுகிறது என்றால், 2011 ஜூலையில் டாலர் ஏன் 44 ரூபாயில் இருந்தது? அது ஏறவில்லை மட்டுமல்ல, சற்று இறங்கியும் இருந்ததே?

ஏனென்றால் டாலரை விற்க வருபவர்கள் ஏற்றுமதியாளர்கள் மட்டும் இல்லை. 2008 டிசம்பரிலிருந்து அமெரிக்காவில் வட்டி ஏறத்தாழ பூஜ்யம். அங்கே வேலையில்லாத பணம் வட்டி கிடைக்கும் இடங்களைத் தேடி வந்தது. இந்தியப் பங்குகளிலும் கடன் பத்திரங்களிலும் அது இறங்கியது. இந்திய நிறுவனங்களும் வெளியே டாலர் கடன் வாங்கின. ஆக, ஏற்றுமதியில் வராத டாலர் கடனாகவும் முதலீடாகவும் வந்து அந்த வரிசையை நிரப்பியது. ரூபாய் உறுதியாகத் தெரிந்தது.

இந்த உறுதியைத்தான் நான் ஆபத்தாகக் கருதுகிறேன். ரூபாய் ஒவ்வோர் ஆண்டும் சிறிது சிறிதாக இறங்கியிருந்தால் திருப்பூரின் ஆர்டர்கள் கையைவிட்டுப் போயிருக்காது, டாலர் கடன் வாங்க நினைத்த நிறுவனம் தயங்கியிருக்கும். இறங்காமல் நின்றதால், விலைவாசி கேட்ட டாலர் விலைக்கும் சந்தை விலைக்கும் நடுவே இடைவெளி உள்ளுக்குள் சேர்ந்தது. ஐரோப்பியக் கடன் நெருக்கடி முற்றிய 2011 பிற்பகுதியில் முதல் முறை வெளிப்பணம் தயங்கியபோது, டிசம்பருக்குள் டாலர் 53 ரூபாயைத் தாண்டியது. இரண்டாவது முறை, 2013-இல், சேர்ந்திருந்த மிச்சமும் வெளியே வந்தது. பயத்தில் கணக்கைத் தாண்டியே போனது. 68 என்பது விலைவாசி கேட்ட அளவைவிட அதிகம். சரிவும் தன் பங்குக்கு விலைவாசியை ஏற்றியது: டாலரில் வாங்கும் கச்சா எண்ணெய் ரூபாயில் விலை ஏறியது, அது லாரி வாடகையில் ஏறியது, அங்கிருந்து காய்கறியில் ஏறியது.

[திரையில்: மும்பை, ரிசர்வ் வங்கிக் கட்டடம்.]

2013 செப்டம்பர் 4-ஆம் தேதி ரகுராம் ராஜன் ரிசர்வ் வங்கி ஆளுநராகப் பொறுப்பேற்றார். வெளிநாடுவாழ் இந்தியர்களின் டாலர் வைப்புகளையும் வங்கிகளின் வெளிநாட்டுக் கடனையும் சலுகை விகிதத்தில் மாற்றித் தரும் ஏற்பாட்டில் சுமார் 3,400 கோடி டாலர் வந்தது. அது அவகாசம் வாங்கித் தந்தது. நீடித்த மாற்றம் விலைவாசியில் நடந்தது: 2016-இல் ரிசர்வ் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டு, அதன்படி அரசு 4 சதவீதத்தைப் பணவீக்க இலக்காக அறிவித்தது. 2014 தொடக்கத்தில் 62 ரூபாய் அளவில் இருந்த டாலர் 2019 தொடக்கத்தில் 70 ரூபாய் அளவில் இருந்தது. ஆண்டுக்கு 2.5 சதவீத ஏற்றம். அந்த ஆண்டுகளில் இரு நாட்டுப் பணவீக்க இடைவெளி சுமார் 3 சதவீதப் புள்ளி. கச்சா எண்ணெய் 2014 பிற்பகுதியில் பாதி விலைக்கு விழுந்ததும் பெரிதும் உதவியது என்பதை மறைக்கக் கூடாது.

[திரையில்: 100 என்ற கோடு, அதற்கு மேலும் கீழும் அசையும் வரைபடம்.]

இடைவெளி சேர்கிறதா என்று நீங்களே பார்க்க ஓர் அளவுகோல் இருக்கிறது. ரிசர்வ் வங்கி தன் மாத இதழில் 40 நாட்டு நாணயங்களுடன் ரூபாயை ஒப்பிட்டு, விலைவாசி வேறுபாட்டையும் கழித்து ஒரு குறியீட்டெண் வெளியிடுகிறது. 2015-16 ஆண்டின் அளவு 100. எண் அதற்கு மேலே போனால், அந்த ஆண்டோடு ஒப்பிடும்போது நம் பொருட்கள் வெளியே விலை கூடித் தெரிகின்றன என்று பொருள். 2024 நவம்பரில் அது 108-ஐத் தொட்டது. அப்போது 84 ரூபாய் சொச்சமாக இருந்த டாலர் 2025 பிப்ரவரியில் 87-ஐத் தாண்டியது.

100 என்பதைத் தராசின் முள் போல எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு நாட்டின் தொழிலாளி ஒரு மணி நேரத்தில் முன்பைவிட அதிக டீ-சர்ட் தைக்கக் கற்றுக்கொண்டால், கூலி ஏறினாலும் அந்த டீ-சர்ட்டின் டாலர் விலை ஏற வேண்டியதில்லை. முடி வெட்டும் கூலி இரட்டிப்பானால் விலைவாசிக் குறியீடு ஏறும், ஆனால் அதை யாரும் கப்பலில் அனுப்புவதில்லை. பணவீக்கம் மட்டுமே ரூபாயை நகர்த்துவதும் இல்லை. 2025 பிற்பகுதியில் இந்தியச் சில்லறைப் பணவீக்கம் 2 சதவீதத்துக்கும் கீழே இருந்தது, அமெரிக்காவைவிடவும் குறைவு. அப்போதும் ரூபாய் சரிந்தது, ஏனென்றால் அமெரிக்கா விதித்த 50 சதவீத வரி ஏற்றுமதியை நேரடியாக அடித்தது, வெளிநாட்டு முதலீடும் வெளியேறிக்கொண்டிருந்தது. 2025 ஆகஸ்டில் திருப்பூர் டீ-சர்ட்டின் விலை அமெரிக்கத் துறைமுகத்தில் ஏறியதற்கு இங்கே ஒரு பைசாகூடச் செலவு ஏறியிருக்கத் தேவையில்லை.