இருப்புச் சான்றிதழில் எந்தத் தேதி?

நேயர்களுக்கு வணக்கம். விசாவுக்காக வங்கியில் சான்றிதழ் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் "விசாவுக்கு ஒரு லெட்டர் வேணும் சார்" என்று மட்டும்தான் கேட்பார்கள். வங்கியும் கையில் இருக்கிற படிவத்தில் பெயர், கணக்கு எண், தொகை எல்லாம் போட்டு, முத்திரை குத்திக் கொடுத்துவிடும். இப்படிப்பட்ட கடிதங்களில் பல வருடம் கையெழுத்துப் போட்டவன் என்பதால் சொல்கிறேன், நீங்கள் என்ன கேட்கிறீர்களோ அதுதான் வரும். விசா அலுவலகத்துக்கு என்ன வேண்டும் என்பது கவுண்டரில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

அந்தக் கடிதத்தில் இரண்டு தேதிகள் இருக்கும். ஒன்று கடிதம் எழுதிய தேதி. இன்னொன்று, "இந்தத் தேதியில் கணக்கில் இவ்வளவு இருந்தது" என்று சொல்கிற தேதி. காலையில் போய்க் கேட்டால் பொதுவாக முந்தைய நாள் முடிவில் இருந்த இருப்பைத்தான் எழுதுவார்கள், ஏனென்றால் அன்றைய வரவு செலவு இன்னும் முடிந்திருக்காது. விசாக்காரர்கள் பார்ப்பது இந்த இரண்டாவது தேதியை.

ஒரு தாயும் மகளும் வந்தது நினைவுக்கு வருகிறது. மகள் பிரிட்டனில் படிக்கப் போகிறாள், பணம் அம்மாவின் கணக்கில். அந்த மாணவர் விசாவுக்கு, தேவையான தொகை தொடர்ந்து 28 நாட்கள் கணக்கில் இருந்திருக்க வேண்டும், அந்த 28 நாள் முடிகிற தேதி விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 31 நாட்களுக்குள் இருக்க வேண்டும். ஜூன் 3ஆம் தேதி பணம் போட்டாயிற்று, ஜூலை 1ஆம் தேதி சான்றிதழ் கேட்டார்கள். ஜூன் 3 முதல் 30 வரை சரியாக 28 நாள், கணக்கு அழகாக வருகிறது. ஆனால் ஸ்டேட்மென்டை எடுத்துப் பார்த்தால் ஜூன் 17ஆம் தேதி ஒரு காப்பீட்டுத் தவணை தானாகப் பிடிக்கப்பட்டிருக்கிறது. இருப்பு அன்று ஒரு நாள்தான், கொஞ்சம்தான், தேவையான தொகைக்குக் கீழே போயிருக்கிறது. மறுநாளே பணம் போட்டுச் சரிசெய்துவிட்டார்கள். "ஒரு நாள்தானே சார்?" என்றார் அந்த அம்மா. ஒரு நாள்தான். ஆனால் எண்ணிக்கை ஜூன் 18லிருந்து மறுபடி தொடங்கும், ஜூலை 15 வரை காத்திருக்க வேண்டும்.

இதில் கவனியுங்கள், ஜூன் 30ஆம் தேதி இருப்பைச் சொல்லும் சான்றிதழை நான் அன்றைக்கே கொடுத்திருக்கலாம். அதில் எழுதியிருப்பது அத்தனையும் உண்மையாகத்தான் இருந்திருக்கும்! ஒரு நாள் இருப்பைச் சொல்லும் காகிதம் இடையில் நடந்ததைச் சொல்லாது, அவ்வளவுதான். அதனால் நாட்கணக்கு கேட்கிற விசாவாக இருந்தால், "இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை இருப்பு இந்தத் தொகைக்குக் குறையவில்லை" என்று எழுதச் சொல்லுங்கள், அல்லது அதே காலத்துக்கான ஸ்டேட்மென்டை முத்திரையோடு சேர்த்து வாங்குங்கள். அந்த அம்மா ஜூலை 16ஆம் தேதி வந்து, 15ஆம் தேதி இருப்போடு வாங்கிப் போனார். தொகையையும் கொஞ்சம் கூடுதலாகவே வைத்திருந்தார், அது நல்ல காரியம், ஏனென்றால் விண்ணப்பிக்கும் நாளின் மாற்று விகிதத்தில்தான் பவுண்டாகக் கணக்கிடுவார்கள். உறவுச் சான்றும், பணத்தைப் பயன்படுத்த அம்மா தரும் சம்மதக் கடிதமும் தனியாக வைக்க வேண்டும், அதை வங்கி தராது.

பெயரையும் பாருங்கள். கணக்கில் முதலெழுத்தோடு இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக நிற்கும். வாயால் சொல்லாமல் பாஸ்போர்ட் நகலைக் கொடுத்து, "கணக்கில் உள்ளவரும் இவரும் ஒருவரே" என்று ஒரு வரி சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். கணக்கிலேயே பெயரைத் திருத்திவிட்டால் இன்னும் நல்லது, ஆனால் அதற்கு நாளாகும். வாங்கியதும் கவுண்டரைவிட்டு நகருமுன் கையெழுத்துக்குக் கீழே அதிகாரியின் பெயரும் பதவியும் இருக்கிறதா, கிளையின் தொலைபேசி எண் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். விசா அலுவலகம் சரிபார்க்க நினைத்தால் அந்த எண்ணைத்தான் கூப்பிடும்.

நேரம் ஆகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள், கடன் சான்றிதழைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அனுமதித்த தொகை, இதுவரை கட்டியது, இன்னும் பாக்கி, தவணை நிலுவை உண்டா இல்லையா, இந்த நான்கும் அதில் இருக்க வேண்டும். ஒரு தவணை தவறிப் பிறகு கட்டியிருந்தால், "இன்றைய தேதியில் நிலுவை இல்லை" என்ற வரியைக் கேட்டு வாங்குங்கள். கடனை முழுசாக அடைத்தவருக்கு வேண்டியது வேறு காகிதம், பாக்கியில்லாச் சான்றிதழ். இதிலும் எந்தத் தேதிக்கான பாக்கி என்று பாருங்கள், வட்டி தினமும் ஏறிக்கொண்டிருப்பதால் போன மாதத்துக் காகிதமும் இந்த மாத ஸ்டேட்மென்டும் ஒத்துவராது, இரண்டையும் ஒரே நாளில் கேட்டு வாங்குங்கள். நன்றி, வணக்கம்.