தவணை எதிலிருந்து வரும்?

வணக்கம். வங்கியின் கடன் பிரிவு மேசையில் பல வருஷம் உட்கார்ந்தவன் நான். 'தொழிலை விரிவுபடுத்தக் கடன் தேவை' என்று ஒரே வரியில் முடிகிற விண்ணப்பங்களைப் படித்துப் படித்துச் சலித்தவன். கடன் கேட்கும் கடிதத்தில் என்ன எழுத வேண்டும் என்று இன்று சொல்கிறேன்.

ஒருநாள் ஓர் அச்சகக்காரர் வந்தார். உட்காரும் முன்பே வீட்டுப் பத்திரத்தை மேசையில் வைத்து, "சார், கடனைப்போல மூன்று மடங்கு பெறும்" என்றார். "சரி, தவணையை எதிலிருந்து கட்டுவீங்க?" என்று கேட்டேன். "அதான் வீடு இருக்கே!" வீட்டை விற்றுத்தான் கடன் அடையும் என்றால் அந்தக் கடனை நான் கொடுத்ததே தப்பு. பல பேர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

அப்புறம் ஒரு தாளை எடுத்து இருவரும் கணக்குப் போட்டோம். அவருக்கு வேண்டியது காகிதம் வெட்டும் இயந்திரம், விலை 8 லட்சம். கையில் 2 லட்சம் இருந்தது, கேட்டது 6 லட்சம். வெட்டும் வேலையை வெளியே கொடுத்து மாதம் 25,000 செலவழித்துக்கொண்டிருந்தார். இயந்திரம் வந்தால் ஆள் கூலி, மின்சாரம், கத்தி தீட்டுவது எல்லாம் சேர்த்து 9,000 ஆகும். மிச்சம் 16,000. கடன் எதற்கு என்ற கேள்விக்கு விடை இந்த 16,000தான், 'விரிவுபடுத்த' இல்லை.

அவர் மூன்று வருஷத்தில் முடிக்க நினைத்தார். 12 சதவீத வட்டியில் தவணை கிட்டத்தட்ட 20,000 வந்தது. இயந்திரம் தன் தவணையைத் தானே கட்டாது, மாதம் 4,000 இடிக்கும். ஐந்து வருஷம் என்றால் சுமார் 13,350. மொத்த வட்டி 1.2 லட்சத்திலிருந்து 2 லட்சத்துக்கு ஏறும்தான். ஆனாலும் மாதாமாதம் மூச்சு விடலாம்.

ஆர்டர் பாதியாகக் குறைந்தால்? வெளியே கொடுத்திருக்க வேண்டிய தொகையும் 12,500 ஆகிவிடும். ஆளுக்குச் சம்பளம் குறையாதே, செலவு 8,000க்குக் கீழே இறங்காது. மிச்சம் 4,500. மீதித் தவணை, ஏறக்குறைய 9,000, எங்கிருந்து? வீட்டுச் செலவு போக அச்சகத்தில் மாதம் 20,000 நின்றது. அதுவும் பாதியானாலும் தாங்கும். இந்தக் கணக்கை அப்படியே கடன் கேட்கும் கடிதத்தில் எழுதச் சொன்னேன். கெட்ட மாதத்தைக் கடன் கேட்பவரே சொல்லிவிட்டால் அதிகாரி தேட வேண்டியதில்லை. வங்கிக் கணக்கில் காசோலை ஏதாவது திரும்பியிருந்தால் அதையும் காரணத்தோடு நீங்களே சொல்லிவிடுங்கள். எப்படியும் அதிகாரி பார்க்கத்தான் போகிறார்.

நேரம் முடிகிறது என்று சைகை வருகிறது. ஈடு பற்றி ஒன்று மட்டும். வாங்கும் இயந்திரத்தையே முதலில் ஈடாகக் காட்டுங்கள். அது போதாது என்று வங்கி சொன்னால்தான் வீட்டுப் பத்திரம். மதிப்பு எழுதும்போது ஆசை விலை போடாதீர்கள், அவசரமாக விற்றால் என்ன கிடைக்கும் என்றுதான் வங்கி பார்க்கும். ஜாமீன் கையெழுத்தைப் பற்றியும் சொல்ல வைத்திருந்தேன், இன்று முடியாது. வணக்கம்.