தெர்மாமீட்டர் சரியா காட்டுதா? ரிஜிஸ்டரை ஆபீசர் ஏன் நம்பல?

கேள்வி: "சார், சின்னதா கேட்டரிங் பண்றோம். குத்திப் பாக்குற தெர்மாமீட்டர் வாங்கி ஒரு வருஷம் ஆச்சு. அது சரியா காட்டுதான்னு நாங்களே பாக்க முடியுமா? பிரிட்ஜ், சாப்பாடு எத்தனை டிகிரின்னு தினமும் ரிஜிஸ்டர் எழுதுறோம், ஆனா செக்கிங் வந்த ஆபீசர் அதைப் பாத்துட்டு நம்பாத மாதிரி சிரிச்சாரு. என்ன தப்பு?"

பாக்கலாம்ங்க, ஐஸ் இருந்தா போதும். ஆனா எல்லாரும் செய்யறது என்னன்னா, ஒரு டம்ளர் தண்ணில நாலு ஐஸ் கட்டிய மிதக்க விட்டு கம்பிய உள்ள விடறாங்க. அப்போ மேல ஜீரோவா இருக்கும், அடியில மூணு நாலு டிகிரி இருக்கும். தெர்மாமீட்டர் மேல பழி விழும். நீங்க ஐஸை நல்லா நொறுக்கி டம்ளர் முழுக்க நிரப்புங்க. இடுக்கெல்லாம் நிறையற அளவுக்கு மட்டும் தண்ணி ஊத்துங்க. உப்பு போடக்கூடாது, போட்டா ஜீரோவுக்குக் கீழ போயிடும். கலக்கி ஒரு நாலஞ்சு நிமிஷம் விட்டு, கம்பிய நடுவுல, டம்ளர்ல எங்கயும் படாம பிடிங்க. முள்ளு வச்ச டயல் மாடல்னா குறைஞ்சது ரெண்டு இஞ்ச் உள்ள போகணும், ஏன்னா அதுக்கு நுனி மட்டும் இல்ல, கம்பியோட கீழ்ப்பாகம் பூராவும்தான் சூட்டை உணரும். நம்பர் ஆடாம நின்னதும் பாருங்க. மைனஸ் ஒண்ணுல இருந்து பிளஸ் ஒண்ணுக்குள்ள இருந்தா வச்சுக்கலாம்.

அடுத்து நல்லா தளதளன்னு கொதிக்கிற தண்ணி. சென்னையில 100 காட்டணும். ஊட்டியில கடை வச்சிருந்தா 92, 93தான் வரும், உயரம் ஏற ஏற தண்ணி சீக்கிரமே கொதிச்சிடும். அங்க உக்காந்துக்கிட்டு 100 வரலையேன்னு தூக்கிப் போட்றாதீங்க.

தள்ளிக் காட்டினா, டயல் மாடல்ல தலைக்குக் கீழ ஒரு நட்டு இருக்கும், ஐஸ்ல வச்சபடியே திருகி ஜீரோவுக்குக் கொண்டு வரலாம். டிஜிட்டல்ல பாதிக்கு அந்த வசதியே கிடையாது. பேட்டரி மாத்திப் பாருங்க, அப்பவும் அப்படியேன்னா ஓரமா வச்சிடுங்க. இதுக்கு மேல, வருஷத்துக்கு ஒரு தடவை என்.ஏ.பி.எல். அங்கீகாரம் உள்ள லேப்ல கொடுத்து சான்றிதழ் வாங்கிடுங்க. அதுல இருக்குற அடையாள நம்பரும் உங்க தெர்மாமீட்டர் மேல இருக்குற நம்பரும் ஒண்ணா இருக்கணும். நம்பர் இல்லாத தெர்மாமீட்டருக்கு சான்றிதழ் இருந்தும் பிரயோஜனம் இல்ல.

இப்ப ரிஜிஸ்டருக்கு வருவோம். உங்க பக்கத்தை நான் பாக்கல, ஆனா ஆபீசர் எதுக்கு சிரிப்பார்னு தெரியும். பிரிட்ஜ் தினமும் 4, 4, 4. நேரம் எப்பவும் கரெக்டா எட்டு மணி. ஒரே பேனா, ஒரே கையெழுத்து. கடை லீவு அன்னிக்கும் எழுதியிருக்கும். நிஜ பிரிட்ஜ்னா கதவைத் திறந்து மூடுறதுலயே 3.6, 4.8னு ஆடும்.

அவர் நிஜமா தேடுறது, ஏதாவது சரியில்லாத நாள்ல நீங்க என்ன பண்ணீங்கங்கிறதைத்தான். ஒரு உதாரணம் சொல்றேன். திங்கட்கிழமை ஐஸ்ல 0.3 காட்டுச்சு, சரி. வெள்ளிக்கிழமை பாத்தா 1.6, கொதி தண்ணியில 101.7. ரெண்டு இடத்துலயும் ஏறக்குறைய ஒண்ணரை டிகிரி கூட. இனிமே வேற தெர்மாமீட்டர்னு மாத்திட்டா வேலை முடிஞ்சிடல. திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் எழுதினது எல்லாமே சந்தேகம், எந்த நாள் கெட்டுச்சுன்னு தெரியாதே. திரும்பிப் பாருங்க. பிரிட்ஜ் 4.5னு எழுதியிருக்கா? நிஜத்துல 3க்குப் பக்கம், 5க்குள்ளதான், பயமில்ல. சூடா வைக்கிற சாப்பாடு 65க்குக் குறையக்கூடாது. சாதம் 72, விடுங்க. புதன் மத்தியானம் சாம்பார் 66? கழிச்சா 64.4. அந்த ஒரு வரிதான் பிரச்சினை. பழைய நம்பரை அடிச்சுத் திருத்தாதீங்க, அப்படியே இருக்கட்டும். வெள்ளிக்கிழமை தேதி போட்டு, "2ம் நம்பர் தெர்மாமீட்டர் 1.6 கூடக் காட்டுது, நிறுத்தியாச்சு, புதன் சாம்பார் 65க்குக் கீழ இருந்திருக்கலாம், இனிமே 70க்கு மேல வைக்கிறோம்"னு எழுதி கையெழுத்து போடுங்க. எனக்குத் தெரிஞ்சு, மாசம் முழுக்க பிசிறில்லாத நாலு பக்கத்தை விட இந்த ஒரு வரிக்குத்தான் மதிப்பு.

இதுக்காகத்தான் ஐஸ் சோதனையை வாரத்துக்கு ஒரு தடவையாவது செய்யச் சொல்றது. மாசத்துக்கு ஒரு தடவைன்னா, கெட்டுப்போனா ஒரு மாசக் கணக்கைத் திரும்பிப் பாக்கணும். கீழ விழுந்தாலும் உடனே செய்யணும்.

அப்புறம் ஒவ்வொரு வரியிலயும் எந்த நம்பர் தெர்மாமீட்டர்னு ஒரு கட்டம் போடுங்க, அது இல்லாம இப்படித் திரும்பிப் பாக்கவே முடியாது. எழுதறப்ப தப்பாயிட்டா வைட்னர் வேண்டாம், ஒரே கோடு, பக்கத்துல சரியான நம்பர், சின்னக் கையெழுத்து. அளந்தவங்களே அளந்த இடத்துல நின்னு எழுதட்டும். ராத்திரி கல்லாவுல உக்காந்து ஒருத்தரே மொத்தமா எழுதினா, அது பக்கத்தைப் பாத்தாலே தெரிஞ்சிடும்.