இரண்டு மணி நேர வகுப்பில் கல்வின் வட்டம் எங்கே?

[திரையில்: ஃபோனில் ஓடும் வகுப்பு வீடியோ, மொத்த நீளம் 2:14:00]

களுவாஞ்சிக்குடியில் உயர்தரம் படிக்கும் என் தங்கச்சிக்கு, மட்டக்களப்பு டவுன் உயிரியல் வகுப்பின் சூம் பதிவு வந்தது. ஒளித்தொகுப்புப் பாடம். பாஸ் பேப்பர் செய்யும்போது ஒரு சந்தேகம் வந்தால், இதற்குள் விரலால் இழுத்துத்தான் தேட வேண்டும். ஃபோனை நிமிர்த்திப் பிடித்தால் ஒரு மில்லிமீற்றருக்கே இரண்டு நிமிடம் தாண்டிவிடும்.

அதனால் நேரம் குறித்த பட்டியல் ஒன்றைச் செய்தோம். வீடியோவை இரட்டை வேகத்தில் ஓடவிட்டு, ஆசிரியர் பலகையை அழிக்கும் ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தினோம். புதிய விஷயம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. "சரி, இனி..." என்று அவர் சொல்லும் வசனமும் உள்ளே வரும்படி, சில வினாடி பின்னுக்குப் போய் நேரத்தை எழுதுங்கள்.

[திரையில்: பட்டியல்]

```
0:00 முன்னுரை
8:10 பச்சையவுருமணி, படம் வரைதல்
31:40 ஒளித்தாக்கம்: ATP, NADPH எங்கே உருவாகின்றன
1:12:20 கல்வின்: CO2 எதோடு சேர்கிறது
1:24:05 கல்வின்: 3 CO2 க்கு 9 ATP, 6 NADPH ஏன்
1:51:30 ஒளிச்சுவாசம்: ருபிஸ்கோ O2 ஐப் பிடிப்பது
2:03:15 மீண்டும் கல்வின், மாணவி கேட்ட கேள்வி
```

1:12:20 இல் "கல்வின் வட்டம்" என்று மட்டும் எழுதியிருந்தால், அதற்குள் கிட்டத்தட்ட நாற்பது நிமிடம் கிடக்கும். திரும்பவும் தேடல்தான். பேப்பரில் எந்தக் கேள்வியாக வருமோ, அந்தக் கேள்வியையே தலைப்பாக வையுங்கள். கடைசி வரியையும் பாருங்கள். ஒரு மாணவி கேட்டதால் ஆசிரியர் கல்வினுக்கே திரும்பி வந்து, எனக்குத் தெரிய முதல் தடவையை விடத் தெளிவாக விளக்குகிறார். அவசரத்தில் விட்டுப்போவது இப்படியான இடங்கள்தான்.

பிறகு அதே வகுப்பை ஆசிரியர் யூடியூபில் ஏற்றினார். இப்போது பட்டியலில் ஒரு நேரமும் பொருந்தவில்லை. 1:12:20 க்குப் போனால் பாடம் ஏற்கெனவே பாதியில் நிற்கிறது. கல்வின் 1:05:40 இலேயே தொடங்கிவிட்டது. வித்தியாசம் 6 நிமிடம் 40 வினாடி. பிள்ளைகள் வந்து சேரும்வரை ஓடிய முன்பகுதியை வெட்டியிருக்கிறார்.

உடனே எல்லாவற்றிலும் 6:40 ஐக் கழித்துவிடாதீர்கள். 31:40 ஐயும் 2:03:15 ஐயும் முதலில் சோதியுங்கள். மூன்றிலும் ஒரே வித்தியாசம் என்றால் கழிக்கலாம். கடைசியில் மட்டும் வித்தியாசம் கூடினால், இடைவேளை போல நடுவிலும் ஏதோ வெட்டுப்பட்டிருக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடித்து, அதற்குப் பிந்திய வரிகளை மட்டும் தனியாகத் திருத்த வேண்டும்.

[திரையில்: திருத்திய பட்டியல், யூடியூப் விபரப் பகுதியில்]

திருத்திய பட்டியலை ஆசிரியருக்கு அனுப்பினோம். வீடியோவின் விபரப் பகுதியில் அவர் போட்டால்தான் நேரக்கோடு அத்தியாயங்களாகப் பிரியும். அதற்கு முதல் வரி 0:00 ஆக இருக்க வேண்டும், குறைந்தது மூன்று நேரங்கள் ஏறுவரிசையில் வேண்டும், ஒவ்வொரு பகுதியும் 10 வினாடியாவது நீள வேண்டும். பிரியவில்லை என்றால் முதலில் 0:00 வரியைப் பாருங்கள். நேரங்களைக் கழிக்கும்போது அந்த வரிதான் அழிபட்டுப் போகும்.