நடுவில் ஒரு ரேழி: 'டைம் பாஸஸ்' பகுதியில் என்னதான் நடக்கிறது?

(திரையில்: கோடு போட்ட நோட்டுத் தாள், இரண்டாக மடித்த தடம் தெரிகிறது. நீல மசியில் கையெழுத்து.)

வணக்கம். இந்தத் தாள் போன வாரம் நான் திருத்திக்கொண்டிருந்த இன்டர்னல் விடைத்தாள்களுக்கு நடுவில் செருகியிருந்தது. எழுதியவள் எம்.ஏ. ஆங்கில இலக்கிய மாணவி. பெயர் மட்டும் வேண்டாம், கடிதத்தைப் படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாள். வர்ஜீனியா வுல்ஃபின் 'டு தி லைட்ஹவுஸ்' நாவலில் 'டைம் பாஸஸ்' என்ற இரண்டாம் பாகத்தைப் பற்றித்தான் கேள்வி. படிக்கிறேன்.

"மேடம், வகுப்பில் எழுந்து கேட்கக் கூச்சமாக இருந்தது, அதனால் எழுதுகிறேன். 'டு தி லைட்ஹவுஸ்' முதல் பாகத்தை எப்படியோ முடித்துவிட்டேன். மிஸஸ் ராம்ஸேயை ரொம்பப் பிடித்துவிட்டது. இரண்டாம் பாகத்தைத் தாம்பரத்தில் ரயில் ஏறியதும் ஆரம்பித்தேன். கிண்டி வருவதற்குள் அவர் இறந்துவிட்டார், அதுவும் அடைப்புக்குறிக்குள். இரண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டிவிட்டேனோ என்று திரும்பிப் போய்ப் பார்த்தேன். பக்க எண் சரியாகத்தான் இருக்கிறது. யார் பேசுகிறார்கள் என்றே தெரியவில்லை. காற்று, சால்வை, தேரை என்று போகிறது. மகள் ப்ரூவுக்கு மே மாதம் கல்யாணம், அந்தக் கோடையிலேயே பிரசவத்தில் இறக்கிறாள் என்றால் கணக்கு இடிக்கிறதே? என் தோழியின் புத்தகத்தில் அந்த மரண வாக்கியமே வேறு மாதிரி இருக்கிறது. இந்த அத்தியாயம் என்னதான் செய்கிறது மேடம்? நோட்ஸில் 'காலம் கடந்துபோவதைக் காட்டுகிறது' என்று போட்டிருக்கிறது. அது தலைப்பிலேயே இருக்கிறதே."

அந்தக் கடைசி வரிக்காகவே இந்த வீடியோ.

(திரையில்: கரும்பலகை. இரண்டு கட்டங்கள், நடுவில் அவற்றை இணைக்கும் ஒரு குறுகிய கோடு.)

நாவலை எழுதத் தொடங்கும் முன் வர்ஜீனியா வுல்ஃப் தன் குறிப்பேட்டில் கிட்டத்தட்ட இப்படி ஒரு படம் போட்டார். இரண்டு பெரிய கட்டங்கள், அவற்றை இணைக்கும் ஒரு நடை. மயிலாப்பூரிலோ திருவல்லிக்கேணியிலோ பழைய வீட்டுக்குள் போயிருந்தால் உங்களுக்கு அது என்னவென்று தெரியும்: ரேழி. அதில் யாரும் உட்கார்ந்து பேச மாட்டார்கள். விளக்கு இல்லாவிட்டால் சுவரைத் தடவிக்கொண்டுதான் கடக்க வேண்டும்.

முதல் கட்டம் ஒரு மாலைப்பொழுது. புத்தகத்தில் பாதிக்கும் மேல் அதற்கே போய்விடுகிறது. அங்கே ஏறக்குறைய ஒவ்வொரு வாக்கியமும் யாரோ ஒருவர் மனத்துக்குள் இருக்கிறது. கடைசிக் கட்டம் ஒரு காலைப்பொழுது. நடுவில் இருபது பக்கம் போலத்தான், அதில் பத்து வருடம் போகிறது. (பசங்க இந்தப் பகுதிக்கு வைத்திருக்கும் பெயர் 'டைம் பாஸ்'. எனக்கும் சிரிப்பு வந்தது.)

இந்த ரேழியில் பார்ப்பதற்கு ஆள் இல்லை. விளக்குகள் அணைகின்றன, எல்லோரும் தூங்கப் போகிறார்கள். அதன் பிறகு வாக்கியங்களுக்கு எழுவாயாக வருவது இருட்டு, காற்று, ஈரம், வீடு. "யார் பேசுகிறார்கள் என்றே தெரியவில்லை" என்று நீ எழுதியிருப்பதை உன் குறை என்று நினைக்காதே, அதுதான் சரியான வாசிப்பு. மனிதக் கண் இல்லாதபோது ஒரு வீடு எப்படி இருக்கும் என்று எழுதிப் பார்க்கிறார் வுல்ஃப். 1926 ஏப்ரலில் நாட்குறிப்பில் இதையே சொல்லிப் புலம்பியிருக்கிறார்: மனிதர்களின் குணம் எதுவும் கிடையாது, கண்ணும் முகமும் இல்லாத எழுத்து, பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை என்று. எழுதியவருக்கே பிடிமானம் இல்லாதபோது கிண்டி ஸ்டேஷனில் உனக்கு மட்டும் எங்கிருந்து வரும்?

(திரையில்: அடைப்புக்குறி வாக்கியம், இரண்டு வடிவங்களில், தமிழில்.)

சரி, அந்த மரணத்துக்கு வருவோம். முதலில் தோழியின் புத்தகம். லண்டன் பதிப்பும் நியூயார்க் பதிப்பும் ஒரே நாளில், 1927 மே 5 அன்று, வெளிவந்தன. இரண்டுக்கும் மெய்ப்புத் திருத்தியது வுல்ஃப்தான், ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி திருத்தவில்லை. ஆகவே இரண்டுமே அச்சுப் பிழை இல்லை. நியூயார்க் பதிப்பில் ஏறக்குறைய இப்படி: இருட்டான ஒரு காலையில் நடையில் தடுமாறி வந்த ராம்ஸே கைகளை நீட்டினார், ஆனால் மனைவி முந்தின இரவு திடீரென்று இறந்துபோயிருந்ததால், நீட்டியும் அந்தக் கைகள் வெறுமையாகவே இருந்தன. லண்டன் பதிப்பில்: தடுமாறி வந்தவர் கைகளை நீட்டினார், ஆனால் மனைவி முந்தின இரவு இறந்துபோயிருக்க, கைகளை நீட்டினார். அவை வெறுமையாகவே இருந்தன.

இரண்டாவதில் 'நீட்டினார்' இரண்டு முறை வருகிறது. 'ஆனால்' என்று ஆரம்பித்தது எங்கேயும் போய்ச் சேரவில்லை. மனிதர் தடுமாறுகிற மாதிரியே வாக்கியமும் தடுமாறுகிறது. எனக்கு அதுதான் பிடிக்கும். ஆனால் பரீட்சையில் உன் பாடப் பதிப்பில் உள்ளதையே எழுது.

இப்போது இலக்கணம். தமிழில் படித்த நமக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. வாக்கியத்தின் முக்கியச் செய்தியை நாம் பெரும்பாலும் முற்றுவினையில் வைப்போம்: 'நேற்று ராத்திரி பாட்டி போய்விட்டாள்.' வுல்ஃப் என்ன செய்கிறார்? மரணத்தை எச்சத்தில் வைத்துவிட்டார், 'இறந்துபோயிருக்க' என்று. முற்றுவினை கிடைத்தது வெறுங்கைக்கு. அதாவது, நூறு பக்கத்துக்கு மேல் நாம் கூடவே வாழ்ந்த பெண்மணியின் சாவு, இன்னொருவருடைய கை பற்றிய வாக்கியத்துக்குள் ஒரு துணைச் செய்தியாக ஒடுங்கிவிட்டது. அந்த வாக்கியமும் அடைப்புக்குறிக்குள். அடைப்புக்குறிக்கு வெளியே இரவு பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறது.

நம்மூர்ப் பேப்பரில் 'காலமானார்' என்று கட்டம் கட்டிப் போடுவார்கள் இல்லையா? பக்கத்திலேயே தங்கம் விலை இருக்கும். இந்தச் சதுர அடைப்புக்குறியும் அதே கட்டம்தான். உள்ளே வரும் குரலையும் கவனியுங்கள். ப்ரூவின் கல்யாணக் குறியில் 'எவ்வளவு பொருத்தம்' என்று ஜனங்கள் சொல்கிறார்கள். அவள் மரணக் குறியிலும் 'பாவம், துயரம்' என்று ஜனங்கள்தான் சொல்கிறார்கள். தெருமுனைப் பேச்சு. யார் மனத்துக்குள்ளும் போவதே இல்லை.

ப்ரூவின் கணக்கு: மூலத்தில் இருப்பது 'அந்த மே', 'அந்தக் கோடை' என்பது மட்டும்தான். வருடம் இல்லை. இந்தப் பகுதியில் பருவங்கள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன, எது எந்த ஆண்டினுடையது என்று பிரிக்க இடம் இல்லை. அடுத்த வருடக் கோடை என்று நாமாக நிரப்பி எழுதாமல், தேதி பிடிபடாததையே விடையில் குறிப்பிட்டால் போதும்.

(திரையில்: சுவரில் மாட்டிய மண்டையோடு, அதன்மேல் பச்சைச் சால்வை. வரைபடம்.)

அடுத்து சால்வை. காற்று, சால்வை, தேரை என்று ஒரே மூச்சில் ஒதுக்கிவிட்டாய். அந்த மூன்றில் சால்வையைத் தனியே எடுத்து வை.

முதல் பாகத்தில் குழந்தைகள் அறையில் ஒரு பன்றி மண்டையோடு மாட்டியிருக்கிறது. கேமுக்கு அதைப் பார்த்தால் தூக்கம் வராது, ஜேம்ஸ் அதை எடுக்கவே விடமாட்டான். அம்மா தன் தோளிலிருந்த சால்வையை எடுத்து அதன்மேல் சுற்றுகிறார். மகளுக்கு அது பறவைக்கூடு, மலை என்று சொல்கிறார். மகனுக்கு, 'மண்டையோடு உள்ளேதான் இருக்கிறது, யாரும் தொடவில்லை' என்கிறார். சாவை மறைப்பது, அதே நேரம் அங்கேயே வைத்திருப்பது. மிஸஸ் ராம்ஸே செய்வதெல்லாம் ஏறக்குறைய இதுதான்.

இப்போது இரண்டாம் பாகத்தைப் பென்சிலோடு படியுங்கள். மூன்றாம் பிரிவின் முடிவில் அவர் இறக்கிறார். நான்காம் பிரிவில், காலி வீட்டில், நள்ளிரவில் சால்வையின் ஒரு மடிப்பு அவிழ்ந்து ஆடுகிறது. அழுவதற்கு வீட்டில் ஆள் இல்லை, துணிதான் அவிழ்கிறது. ஆறாம் பிரிவில் கம்பளத்தில் சுத்தியல் விழுவது போல மந்தமான அடிகள் கேட்கின்றன. சால்வை இன்னும் தளர்கிறது, டீக்கோப்பைகளில் விரிசல் விழுகிறது, அலமாரிக்குள் கண்ணாடி டம்ளர் அதிர்கிறது. பிறகு ஏதோ 'தொப்'பென்று விழும் ஓசை. அதற்கு அடுத்துத்தான் அடைப்புக்குறி: பிரான்ஸில் ஒரு குண்டு வெடித்தது, இருபது முப்பது இளைஞர்கள் இறந்தார்கள், அவர்களில் மகன் ஆண்ட்ரூ ராம்ஸேயும் ஒருவன்.

வரிசையைப் பாருங்கள். வீட்டுக்கு முதலில் தெரிந்துவிட்டது. செய்தி பிறகுதான் வந்தது. 'உலகப் போரைக் குறிக்கிறது' என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்தால் இந்த டம்ளர் போய்விடும். அந்தப் பதினைந்து மதிப்பெண் கேள்விக்கு எனக்கு டம்ளர்தான் வேண்டும்.

(திரையில்: மூடிய வீடு, கையில் துடைப்பம் பிடித்த முதியவள்.)

இன்னொரு தவறு, நான் திருத்தும் தாள்களில் அடிக்கடி வருவது: 'இந்தப் பகுதியில் மனிதர்களே இல்லை.' இருக்கிறார். மிஸஸ் மெக்நாப், எழுபதை நெருங்கும் வேலைக்கார அம்மாள். ஒன்பதாம் பிரிவில் வீடு இடியும் நிலைக்கு வந்துவிடுகிறது, ஒரு இறகு கூடுதலாக விழுந்தால் போதும் என்கிறார் வுல்ஃப். அப்போது மெக்நாபும் மிஸஸ் பாஸ்டும் வாளியும் துடைப்பமுமாக வந்து வீட்டை மீட்கிறார்கள். இவர்களுக்கு அடைப்புக்குறி கிடையாது, முழு வாக்கியங்கள். கல்யாணமும் போரும் கவிதைப் புத்தகமும் குறிக்குள் போக, பெருக்கித் துடைப்பது வெளியே நிற்கிறது.

ஆனால் இதை வைத்து வுல்ஃபை ரொம்பத் தூக்கிப் பிடிக்கவும் வேண்டாம். அந்த அம்மாளை அறிவு மங்கியவள், தள்ளாடுபவள் என்று கொஞ்சம் மேலிருந்துதான் பார்க்கிறது நடை. தன் வீட்டில் வேலைக்காரர்கள் வைத்திருந்தவரின் பார்வை அது. நம் வீடுகளில் பாத்திரம் தேய்க்க வரும் அக்காவைப் பற்றி நாம் எழுதினால் எந்த நடை வரும் என்று யோசித்துக்கொண்டே அந்தப் பிரிவைப் படித்தேன், அவ்வளவு சுகமாக இல்லை.

(திரையில்: மறுபடியும் கடிதம். அதன் பக்கத்தில் மூன்றாம் பாகம், ஆறாம் பிரிவு.)

அப்புறம் ஒரு வீட்டுப்பாடம், கடிதம் எழுதியவளுக்கும் சேர்த்து. மூன்றாம் பாகத்தில் ஆறாம் பிரிவைத் திற. இரண்டே வாக்கியம், சதுர அடைப்புக்குறிக்குள். படகில் இருக்கும் பையன் தூண்டிலில் இரை மாட்டுவதற்காக ஒரு மீனின் விலாவில் சதுரமாக ஒரு துண்டு வெட்டி எடுக்கிறான். மிச்சத்தைக் கடலில் எறிகிறார்கள். அந்தச் சதுரக் குறிக்குள் வேறொரு வளைந்த குறி இருக்கிறது, அதற்குள் ஆங்கிலத்தில் நான்கே சொல்: அது இன்னும் உயிரோடிருந்தது. ரேழியைத் தாண்டி வந்த பிறகும் இந்தக் குறி ஏன் கூடவே வருகிறது? ஒரு பக்கம் எழுதி, அடுத்த கட்டு விடைத்தாளுக்குள் செருகிவிடு.