ஜி91-க்கும் ஜி99-க்கும் நடுவில்: கேம் ஓடும் மலிவு போனை எப்படிப் பார்த்து எடுப்பது

[திரையில்: கடை மேசையில் இரண்டு போன் பெட்டிகள்]

ஹட்டன் டவுனில் ஒரு போன் கடைக்குள் போய், "அண்ணா, பப்ஜியும் ப்ரீ ஃபயரும் ஸ்டக் ஆகாமல் ஓடணும், விலையும் கையைக் கடிக்கக் கூடாது" என்று கேட்டுப் பாருங்கள். முதலில் கேமராவைச் சொல்வார்கள், 108 மெகாபிக்சல். அடுத்து ராம், "எட்டும் எட்டும் பதினாறு". பிறகு திரை, 120 ஹெர்ட்ஸ். கேமை ஓட்டப்போகிற ப்ராசஸரின் பெயர் பெட்டியின் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும். சில பெட்டிகளில் "எட்டு கோர்" என்று மட்டும் இருக்கும். எட்டு கோர் இல்லாத போன் இந்த விலையில் இப்போது அநேகமாகக் கிடையாது, அதனால் அந்தத் தகவலால் நமக்கு ஒரு பயனும் இல்லை.

இந்த வீடியோவில் அந்தப் பொடி எழுத்தை மட்டும் பார்ப்போம்.

[திரையில்: ஜி81, ஜி85, ஜி88, ஜி91 ஒரு பக்கம், ஜி99, ஜி100 மறுபக்கம்]

மலிவு போன்களில் அதிகம் வருவது மீடியாடெக்கின் ஹீலியோ ஜி வரிசை. ஜி85-ஐ விட ஜி91 நல்லதாகத்தானே இருக்க வேண்டும்? எண்ணைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் ஜி81, ஜி85, ஜி88, ஜி91 நான்கும் ஏறத்தாழ ஒரே சரக்கு. நான்குமே 12 நானோமீட்டர் தயாரிப்பு. பெரிய கோர் இரண்டு, அவை 2017-இல் வந்த ஏ75 ரகம். கிராஃபிக்ஸுக்கு மாலி ஜி52. கேமராவுக்கும் திரைக்குமான வசதிகள்தான் கொஞ்சம் கொஞ்சமாக மாறியிருக்கின்றன.

ஜி91-இலிருந்து ஜி99-க்கு எட்டே எண்தான் வித்தியாசம். ஆனால் அங்கே எல்லாமே மாறுகிறது. 6 நானோமீட்டர், அதாவது அதே வேலைக்குக் குறைந்த மின்சாரம், குறைந்த சூடு. பெரிய கோர்கள் ஏ76. கிராஃபிக்ஸ் மாலி ஜி57, இரண்டு கோருடன். அதற்கு மேலே ஜி100 வந்ததும் பழையபடி பெயர் மாற்றம்தான். கேமராவுக்கு ஏதோ கூடுதலாகச் செய்திருக்கிறார்கள், கேமுக்கு அதுவும் ஜி99-ம் ஒன்றே. ஜி99-க்குப் பின்னால் "அல்ட்ரா", "அல்டிமேட்" என்று ஒட்டியிருந்தாலும் அதற்காகத் தனியாகக் காசு கொடுக்க வேண்டாம்.

யூனிசாக் டி606, டி612, டி616 போட்ட போன்கள் இன்னும் மலிவாக வரும். அவற்றிலும் அதே ஏ75 கோர்கள்தான், கிராஃபிக்ஸ் கோர் ஒன்றே ஒன்று. ப்ரீ ஃபயரைக் குறைந்த செட்டிங்கில் சமாளித்துவிடும். பப்ஜிக்கு வேண்டாம்.

சரி, நிறையப் பேர் தடுமாறுகிற இடத்துக்கு வருவோம்: ஸ்னாப்டிராகன்.

[திரையில்: ரெட்மி நோட் 13 4ஜி, இன்ஃபினிக்ஸ் ஹாட் 40 ப்ரோ அருகருகே]

தலவாக்கலையில் இருக்கும் ஒரு தம்பி இந்த இரண்டில் ஒன்றை எடுக்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் 108 மெகாபிக்சல் கேமரா, இரண்டிலும் 120 ஹெர்ட்ஸ் திரை. ரெட்மியில் அமோலெட், இன்ஃபினிக்ஸில் சாதாரண எல்சிடி. கையில் எடுத்துப் பார்த்தால் ரெட்மிதான் மனசுக்குப் பிடிக்கும். அதோடு "ஸ்னாப்டிராகன்தான் கேமுக்கு" என்று கூட இருக்கிற நண்பர்களும் ஏற்றிவிடுவார்கள். விலை கூடிய போன்களைப் பொறுத்தவரை அந்தப் பேச்சில் நியாயம் உண்டு.

ஆனால் அந்த ரெட்மியில் இருப்பது ஸ்னாப்டிராகன் 685. இதுவும் 6 நானோமீட்டர்தான், அதனால் சூடு அதிகம் ஏறாது, பேட்டரியும் நன்றாகவே நிற்கும். சிக்கல் கிராஃபிக்ஸில். 685 வெளியானது 2023-இல், அதற்குள் இருக்கும் அட்ரினோ 610 வந்தது 2019-இல், ஸ்னாப்டிராகன் 665-உடன். பெரிய கோர்கள் அதைவிடப் பழைய ஏ73 ரகம். கிராஃபிக்ஸ் சோதனைகளில் இன்ஃபினிக்ஸில் இருக்கும் ஜி99 இதைவிட இரண்டு மடங்குக்கு மேல் எடுக்கும்.

விளையாடும்போது இது எப்படித் தெரியும்? பப்ஜியில் "ஹை" என்றால் நொடிக்கு 30 ஃபிரேம், "அல்ட்ரா" 40, "எக்ஸ்ட்ரீம்" 60. 60 வேண்டுமானால் ஒவ்வொரு படத்தையும் 17 மில்லிசெகண்டுக்குள் வரைந்து முடிக்க வேண்டும். ஒருவர் மட்டும் ஓடும்போது 685 ஒப்பேற்றிவிடும். நான்கு பேர் ஒரு வீட்டுக்குள் இறங்கிப் புகைக்குண்டு போட்டுச் சுடும்போதுதான் படம் தடுக்கும், சரியாகக் குறி பார்க்க வேண்டிய நேரத்தில். 120 ஹெர்ட்ஸ் திரை இதற்கு உதவாது. ப்ராசஸர் வரைந்து கொடுத்ததைத்தான் திரை காட்டும்.

அதனால் கேம்தான் முக்கியம் என்றால் அந்தத் தம்பி இன்ஃபினிக்ஸை எடுக்கட்டும். படம் பார்ப்பது, போட்டோ எடுப்பது அதிகம், கேம் எப்போதாவது என்றால் ரெட்மி நல்ல போன்தான்.

டைமென்சிட்டி 6300 என்று கண்டால் அதையும் ஜி99 பக்கமே சேர்த்துக்கொள்ளுங்கள். அதே ஏ76, அதே ஜி57, வேகம் கொஞ்சம் கூட, கூடவே 5ஜி. அந்த 5ஜிக்காக விலை அதிகம் ஏறியிருந்தால், உங்கள் தோட்டத்தில் இப்போது 4ஜி எத்தனை கோடு காட்டுகிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

[திரையில்: போனில் ராம், ஸ்டோரேஜ் விவரம்]

ராமைப் பற்றி ஒரு வார்த்தை. "8+8" என்பதில் இரண்டாவது எட்டு ராமே இல்லை, ஸ்டோரேஜில் கடன் வாங்கியது. கேமுக்கு அதை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். உண்மையான 6 ஜிபி இருந்தால் போதும். ஸ்டோரேஜ் எந்த ரகம் என்றும் கேளுங்கள். யூஎஃப்எஸ் 2.2 நல்லது. இஎம்எம்சி என்றால் பாரசூட்டில் தரையிறங்கும்போது வீடுகளெல்லாம் களிமண் உருண்டை மாதிரி நிற்கும், அப்புறம்தான் கதவும் ஜன்னலும் வரும்.

இனி, நம்ம பக்கத்துக்கே உரிய இரண்டு விஷயம்.

ஒன்று, குளிர். நுவரெலியாவில் காலையில் ஒரு 12 நானோமீட்டர் போனைக் கடையில் பத்து நிமிடம் விளையாடிப் பார்த்தால் வெண்ணெய் மாதிரி ஓடும். சூடு ஏறினால் ப்ராசஸர் தானாக வேகத்தைக் குறைக்கும், அந்தக் குளிரில் சூடு ஏறவே நேரமாகும். வீட்டுக்கு வந்து, சார்ஜரைச் செருகி, போர்வைக்குள் புகுந்து விளையாடும்போதுதான் அதன் உண்மை வேகம் தெரியும். அதனால் கடையில் இருபது நிமிடமாவது விடாமல் ஓட்டிப் பாருங்கள், கவர் போட்டபடியே.

மற்றது, சிக்னல். மலைக்கு அந்தப் பக்கம் டவர், இந்தப் பக்கம் லயம் என்றால் எந்தப் போனிலும் கேம் இழுக்கும். தவறு எதில் என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நின்ற இடத்திலேயே விரலால் பார்வையைச் சுற்றிலும் திருப்புங்கள். அதைக் கணக்கிடுவது முழுக்க உங்கள் போன்தான், நெட்டுக்கு அதில் வேலை இல்லை. திருப்பும்போதே படம் தடுக்கித் தடுக்கி வந்தால் ப்ராசஸர் போதவில்லை. பார்வை வழுக்கிக்கொண்டு திரும்புகிறது, ஆனால் எதிரி இங்கிருந்து அங்கே தாவுகிறான், சுட்ட குண்டு படவில்லை, ஓடிய நீங்கள் பின்னால் இழுபட்டு வருகிறீர்கள் என்றால் அது சிக்னல். ஜி99 வாங்கினாலும் அது தீராது. சிம்மை மாற்றிப் பாருங்கள், அல்லது ஜன்னல் பக்கம் உட்காருங்கள்.

[திரையில்: CPU-Z செயலி]

பாவித்த போன் வாங்குகிறவர்கள் காசைக் கொடுப்பதற்கு முன் CPU-Z என்ற இலவச செயலியைப் போட்டுத் திறங்கள். ப்ராசஸர் பெயர் முதல் பக்கத்திலேயே வரும். கடைக்காரர் சொன்னதும் அங்கே காட்டுவதும் ஒன்றா என்று பாருங்கள். போனில் *#06# அடித்தால் வரும் ஐஎம்இஐ எண்ணை, IMEI என்று அடித்து ஓர் இடம் விட்டு எழுதி, 1909-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அது தொலைத்தொடர்பு ஆணைக்குழுவில் பதிவான போனா என்றும் தெரிந்துவிடும். கடைசியாகப் பப்ஜி செட்டிங்கைத் திறந்து, கிராஃபிக்ஸை "ஸ்மூத்"தில் வைத்து, ஃபிரேம் வரிசையில் எதுவரை அழுத்த முடிகிறது என்று பாருங்கள். ஒரே ப்ராசஸர் உள்ள இரண்டு மாடல்களில்கூட இது வேறாக இருக்கலாம், கேம் அப்டேட்டிலும் மாறும். "எக்ஸ்ட்ரீம்" திறந்திருந்தால் பேரம் பேசத் தொடங்கலாம்.